பூங்கொத்து எழுபது, அடக்கம் எழுபத்து மூன்று

சென்னை பாரிமுனையில், பந்தர் தெருவை ஒட்டிய மொத்தக் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் பூங்கொத்துகளில் பலவும் சீனாவின் யிவூ நகரத்துச் சந்தையில் கொள்முதல் ஆனவை. அங்கே ஒரு கொத்து அரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய் என்றால் கொத்து 42 ரூபாய் 50 காசு. இங்கே மொத்த விலை எழுபது. கேட்கிறவருக்கு இது நல்ல லாபமுள்ள வியாபாரம் என்றுதான் தோன்றும். ஆனால் இதே பூங்கொத்தில் கொத்துக்கு மூன்று ரூபாய் நஷ்டப்பட்டுக்கொண்டே, லாபம் வருகிறது என்று நம்பிக்கொண்டு ஒரு வியாபாரி ஆண்டு முழுக்க விற்க முடியும். எப்படி என்று பார்க்க, ஒரு கன்டெய்னரைத் திறந்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்குக்கு இன்வாய்ஸில் இருக்கும் விலை அடக்க விலை ஆகாது. இதை எல்லா வியாபாரிகளும் அறிவார்கள். கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், சுங்கவரி, துறைமுகச் செலவு, கிளியரிங் ஏஜென்ட் கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்ந்தால்தான் அடக்கம். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் வெளியிட்டிருக்கும் கணக்கியல் தரம் 2 சொல்வதும் இதையேதான்: சரக்கை இப்போது இருக்கும் இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன செலவு அதன் விலையில் சேரும். அரசிடமிருந்து திரும்பப் பெறக்கூடிய வரி சேராது. வாசிக்க எளிமையான விதி. சிக்கல் தொடங்குவது வேறோர் இடத்தில். மொத்தச் செலவைக் கூட்டுவது சுலபம். அதைப் பெட்டகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பங்கிடுவதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

ஓர் இருபதடி கன்டெய்னர். நிங்போ துறைமுகத்தில் ஏறிச் சென்னையில் இறங்குகிறது. உள்ளே இரண்டு பொருள். ஒன்று 8,000 பூங்கொத்து, ஒன்று அரை டாலர் வீதம் 4,000 டாலர். இன்னொன்று தையல்கடைக் கத்தரிக்கோல், 6,000 எண்ணிக்கை, ஒன்று ஒரு டாலர் வீதம் 6,000 டாலர். ஆக 10,000 டாலர் சரக்கு. விற்றவரின் பொறுப்பு நிங்போவில் கப்பலில் ஏற்றுவதோடு முடிகிறது. அதற்குப் பிறகான செலவெல்லாம் வாங்கியவருடையது. எண்களை முழுதாக வைத்திருப்பது கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக. வரி வீதங்களும் உதாரணத்துக்கு எடுத்தவையே. உண்மையான வீதம் பொருளின் சுங்க வகைப்பாட்டு எண்ணைப் பொறுத்தது, பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறவும் செய்யும்.

கப்பல் வாடகை 1,25,000 ரூபாய். இன்சூரன்ஸ் 5,000. சரக்கு சென்னையில் இறங்கியதும் கப்பல் கம்பெனி தன் உள்ளூர்க் கட்டணங்களுக்கு ஒரு பில் கொடுக்கும். பெட்டகத்தை இறக்கி நகர்த்திய கூலியும், டெலிவரி ஆர்டருக்கான கட்டணமும் அதில் இருக்கும். அது 22,000. பெட்டகம் அங்கிருந்து மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றுக்குப் போகிறது. வியாபாரிகள் சிஎஃப்எஸ் என்பார்கள். அதன் பில் 18,000. கிளியரிங் ஏஜென்டுக்கு 10,000. குடோனுக்கு லாரி, இறக்கு கூலி 20,000. கிளியரிங் வகையில் ஆக மொத்தம் 70,000. இவை ஜிஎஸ்டி நீக்கிய தொகைகள்.

இனி சுங்கம். பில் ஆஃப் என்ட்ரி என்ற பத்திரத்தைத் தாக்கல் செய்யும்போது சுங்கத்துறை சரக்கின் மதிப்பைத் தன் முறையில் போடுகிறது. இன்வாய்ஸ் தொகையோடு கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேரும். டாலர் விலையும் வங்கி கொடுத்த விலை அல்ல. சுங்கத்துறை மாதத்துக்கு இருமுறை அறிவிக்கும் விலை. அது 86 என்று கொள்வோம். 8,60,000 உடன் 1,25,000, 5,000 சேர்த்து மதிப்பு 9,90,000 ரூபாய். வாடகையும் இன்சூரன்ஸும் பொருள்களுக்கு இன்வாய்ஸ் மதிப்பின் விகிதத்தில் பிரிகின்றன. பூவுக்கு 3,96,000, கத்தரிக்கோலுக்கு 5,94,000.

பூவுக்கு அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம் என்றால் 79,200. அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 7,920. ஆக 87,120. கத்தரிக்கோலுக்குப் பத்து சதவீதம் என்றால் 59,400, மேலே 5,940, ஆக 65,340. இரண்டும் சேர்ந்து 1,52,460. இந்தத் தொகை திரும்பி வராது, அதனால் முழுதும் அடக்கத்தில் சேரும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பதும் பத்திரத்திலேயே வரிக்கு வரி அச்சாகி இருக்கிறது. பங்கிட யோசிக்கவே வேண்டியதில்லை.

இதற்கும் மேலே ஐஜிஎஸ்டி. மதிப்பும் சுங்கவரியும் சேர்ந்த 11,42,460 ரூபாய் மேல் 18 சதவீதம், ஏறக்குறைய 2,05,643 ரூபாய். பெட்டகத்தை வெளியே எடுக்க ஒரே சலானில் சுங்கவரியோடு சேர்த்து இதையும் கட்டுவதால், வங்கியிலிருந்து மூன்றரை லட்சத்துக்கு மேல் ஒரே நாளில் போகும். அவசரத்தில் மொத்தத்தையும் ‘கஸ்டம்ஸ் டியூட்டி’ என்ற ஒரே தலைப்பில் எழுதிவிடும் கணக்கர்கள் உண்டு. அப்படி எழுதினால் அடக்கம் இரண்டு லட்சம் ஊதிவிடும். ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாக வந்து, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழிந்துவிடும். ஆகவே அது சரக்கின் விலை ஆகாது. கிளியரிங் பில்களில் இருக்கும் ஜிஎஸ்டிக்கும் இதே நியாயம்தான். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரிக்கு மட்டும் இது பொருந்தாது. அவருக்கு உள்ளீட்டு வரவு கிடையாது. அவர் கட்டிய ஐஜிஎஸ்டி அவருடைய அடக்கத்தில் நியாயமாகவே ஏறும். வருமானவரிச் சட்டம் இந்த விஷயத்தில் வேறு வழியில் கணக்குக் கேட்கிறது. அது ஆடிட்டர் வரிப் படிவத்தில் செய்துகொள்ளும் சரிக்கட்டல், கடைக்காரரின் விலை நிர்ணயத்துக்கு அதனால் வேலை இல்லை.

இப்போது பங்கிடுதல். சுங்கவரி தானாகப் பிரிந்துவிட்டது. இன்சூரன்ஸ் மதிப்புக்குத்தான் கட்டப்படுகிறது, அதை மதிப்பின் விகிதத்தில் 2,000, 3,000 என்று பிரிக்கலாம். மிச்சம் இருப்பது கப்பல் வாடகையும் கிளியரிங்கும் சேர்ந்த 1,95,000. பெரும்பாலான கடைகளில் இதையும் மதிப்பின் விகிதத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். கணக்கு மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது, சுங்கப் பத்திரமும் அப்படித்தான் பிரித்திருக்கிறது, எனவே கேள்வி எழுவதில்லை. அந்த வழியில் பூவுக்கு நாற்பது சதவீதம், 78,000. கத்தரிக்கோலுக்கு 1,17,000.

பூவின் கணக்கு: சரக்கு 3,40,000, வாடகையும் கிளியரிங்கும் 78,000, இன்சூரன்ஸ் 2,000, வரி 87,120. மொத்தம் 5,07,120. எட்டாயிரத்தால் வகுத்தால் கொத்துக்கு 63 ரூபாய் 39 காசு. எழுபதுக்கு விற்றால் ஆறரை ரூபாய் லாபம். கத்தரிக்கோல் 115 ரூபாய் 89 காசு.

பெட்டகத்துக்குள் எட்டிப் பார்த்தால் காட்சி வேறு. இருபத்தைந்து கன மீட்டர் சரக்கில் இருபது கன மீட்டரை அடைத்துக்கொண்டிருப்பது பூ. காற்றும் இதழுமாக அட்டைப்பெட்டிகள் கூரை வரை நிற்கின்றன. கத்தரிக்கோல் கனமானது, ஆனாலும் ஐந்து கன மீட்டருக்குள் அடங்கிவிட்டது. கப்பல்காரர் வாடகை வாங்கியது இடத்துக்கு. லாரி வந்தது பெட்டகத்துக்கு. சிஎஃப்எஸ் பில் போட்டதும் பெட்டகத்துக்கு. இவற்றில் எதுவும் பொருளின் விலையைக் கேட்டு நிர்ணயமானதல்ல. ஆகவே இந்த 1,95,000 இடத்தின் விகிதத்தில் பிரிய வேண்டும்: பூவுக்கு எண்பது சதவீதம் 1,56,000, கத்தரிக்கோலுக்கு 39,000.

திரும்பக் கூட்டினால் பூவுக்கு 3,40,000, 1,56,000, 2,000, 87,120 சேர்ந்து 5,85,120. கொத்துக்கு 73 ரூபாய் 14 காசு. எழுபதுக்கு விற்கும் ஒவ்வொரு கொத்தும் மூன்று ரூபாய் பதினான்கு காசைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. கத்தரிக்கோலோ 5,10,000, 39,000, 3,000, 65,340 சேர்ந்து 6,17,340. ஒன்று 102 ரூபாய் 89 காசு. இரண்டு முறையிலும் மொத்த அடக்கம் ஒன்றுதான், 12,02,460. ஆண்டுக் கடைசியில் இரண்டும் விற்றுத் தீர்ந்திருந்தால் லாபமும் ஒன்றாகவே தெரியும். அதனால்தான் இந்தத் தப்பு ஆடிட்டர் கண்ணிலும் சீக்கிரம் படுவதில்லை. பாதிப்பு வேறு வழியில் வருகிறது. லாபம் தருவதாக நினைத்து அடுத்த முறை பூவை இன்னும் அதிகமாக வரவழைக்கிறார். நூற்றுப் பதினைந்து அடக்கம் என்று நம்பி, கத்தரிக்கோலை 112க்குக் கேட்டு வந்த தையல் சாமான் கடைக்காரரை “கட்டாதுங்க அண்ணாச்சி” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

டேலி போன்ற மென்பொருளில் கொள்முதல் பில்லோடு கூடுதல் செலவுகளைச் சேர்க்கும் வசதி உண்டு. வழக்கமாக அது தரும் இரண்டு வழிகள் எண்ணிக்கை விகிதம், மதிப்பு விகிதம். கன மீட்டர் அதற்குத் தெரியாது. எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தால் எட்டாயிரம் பூவும் ஆறாயிரம் கத்தரிக்கோலும் சமமான உருப்படிகளாகிவிடும், அதுவும் சரியல்ல. சப்ளையர் அனுப்பும் பேக்கிங் லிஸ்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பெட்டி எத்தனை, எடை எவ்வளவு, கன மீட்டர் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஒரு தாளில் பிரித்து, பொருளுக்கு இவ்வளவு என்று தொகையாகவே உள்ளே போடுவதுதான் வழி. இடமல்ல, எடையே பெட்டகத்தை நிரப்பும் சரக்கு என்றால், உதாரணமாக டைல்ஸ், கிரானைட், எடை விகிதம் பொருத்தம். பெட்டகம் எதனால் நிரம்பியது என்று கேட்டாலே எந்த விகிதம் என்பதற்கு விடை கிடைத்துவிடும்.

எதையெல்லாம் சேர்க்கக்கூடாது என்பதும் இதே அளவு முக்கியம். இந்தச் சரக்கில் பில் ஆஃப் என்ட்ரியைக் காலத்தில் தாக்கல் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தின நாளுக்குள் செய்திருக்க வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். ஆவணக் குழப்பத்தில் பெட்டகம் கூடுதல் நாள் கிடந்தால் சிஎஃப்எஸ் தரை வாடகை கேட்கும், காலிப் பெட்டகம் தாமதமாகத் திரும்பினால் கப்பல் கம்பெனி தன் பங்குக்கு டிடென்ஷன் கேட்கும். எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரம் ஆகிவிட்டது என்றால், அதைக் கொத்துக்கு இவ்வளவு என்று ஏற்றிவிட ஆசை வரும். கூடாது. கவனக்குறைவால் வந்த அசாதாரணச் செலவு சரக்கின் தரத்தையோ இடத்தையோ மாற்றவில்லை. அது அந்த ஆண்டின் நஷ்டம். சரக்கின் விலையில் அதை ஒளித்தால் அடுத்த ஆண்டின் கையிருப்பில் உட்கார்ந்துகொள்ளும், யார் தப்பு என்று கேட்கவும் ஆள் இருக்காது. குடோனுக்கு வந்து சேர்ந்த பிறகு ஆகும் குடோன் வாடகை, விற்பனையாளர் சம்பளம், வாங்குபவர் கடைக்கு அனுப்பும் செலவு ஆகியவையும் வெளியேதான். சரக்கு வாங்க எடுத்த கடனுக்கான வட்டியும் இம்மாதிரி வாங்கி விற்கும் சரக்கில் சேராது.

டாலர் விலையில் இன்னொரு பொறி இருக்கிறது. இந்த ஒரே கன்டெய்னரில் மூன்று டாலர் விலை வந்துபோகிறது. சரக்கு நம் பெயருக்கு மாறிய நாளின் விலை 85. கணக்கில் கொள்முதல் ஏறுவது இதில். சுங்கத்துறையின் விலை 86; அது வரியைக் கணக்கிட மட்டும். இரண்டு மாதம் கழித்து வங்கி வழியாகப் பணம் அனுப்பும்போது டாலர் 87 என்றால் 8,70,000 போகும். கூடுதல் 20,000ஐ சரக்கின் விலையில் ஏற்றக்கூடாது. அது மாற்று விகித நஷ்டம் என்று தனியே நிற்க வேண்டும். டாலர் இறங்கியிருந்தால் அது அதேபோல் தனி லாபம். முன்பணம் கொடுத்திருந்தால் அந்தப் பகுதிக்கு வேறு நியாயம். பணம் கொடுத்த நாளின் விலையே அந்தப் பகுதிச் சரக்கின் விலையாக நிற்கும் என்பது பெரிய கம்பெனிகள் பின்பற்றும் தரத்தின் வழி.

இதே இனத்தில் அடிக்கடி நடக்கும் இன்னொன்று: கப்பல் வாடகைக்கான பில் கையில் இல்லாவிட்டால் சுங்கத்துறை தானாகவே சரக்கு மதிப்பில் 20 சதவீதத்தை வாடகையாகவும், 1.125 சதவீதத்தை இன்சூரன்ஸாகவும் வைத்து வரி போடும். இங்கே அது 1,72,000 ஆகியிருக்கும். அந்த ஊகத் தொகையை அப்படியே எடுத்து அடக்கத்தில் எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகையாக நிஜமாகக் கொடுத்தது 1,25,000 என்றால் அதுதான் சேரும். ஊகத்தால் கூடிய வரி மட்டும் நிஜமாகக் கட்டிய பணம், ஆகவே அது சேரும்.

மார்ச் மாதம் வந்தால் இதன் அருமை தெரியும். மார்ச் 31 அன்று குடோனில் 4,000 பூங்கொத்தும் 2,000 கத்தரிக்கோலும் மிச்சம் என்று கொள்வோம். இன்வாய்ஸ் விலைக்கு மதிப்பிட்டால் 3,40,000. முழு அடக்கத்துக்கு மதிப்பிட்டால் 4,98,340. வித்தியாசம் 1,58,340 ரூபாய். விற்காத சரக்குக்கான வாடகையையும் வரியையும் இந்த ஆண்டின் செலவாக எழுதினால் இந்த ஆண்டு லாபம் அவ்வளவு குறைந்து தெரியும், அடுத்த ஆண்டு அவ்வளவு கூடித் தெரியும். வங்கிக்காரர் ஸ்டாக் அறிக்கையைப் பார்த்துக் கடன் எல்லையைப் போடுகிறவர். அவருக்குக் காட்டும் இருப்பு குறையும். பெட்டகம் மார்ச் இருபதாம் தேதி வந்து ஒரு கொத்துகூட விற்காமல் இருந்தால் விபரீதம் முழுமையாகும்: மூன்றரை லட்சமும் செலவு, வருமானம் பூஜ்யம்.

மார்ச்சில் சரக்கு வந்து கிளியரிங் பில் ஏப்ரலில் வருவது சாதாரணம். பில் வரவில்லை என்று விட்டுவிடாமல், ஏஜென்டிடம் போனில் கேட்டாவது மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். பில் வந்ததும் வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளலாம். சுங்கத்துறை பின்னால் கூடுதல் வரி கேட்டாலும் இந்த வழியே. இருப்பில் உள்ள பங்குக்கு உரியது சரக்கில் சேரும், விற்றுப்போன பங்குக்கு உரியது விற்ற செலவாகிவிடும்.

முழு அடக்கத்தையும் சேர்த்த பிறகு இன்னொரு கதவு இருக்கிறது. விற்றால் கையில் நிற்கும் தொகை அடக்கத்தைவிடக் குறைவு என்றால் குறைந்ததையே இருப்பின் மதிப்பாக எழுத வேண்டும். பூ எழுபதுக்குப் போகிறது, தரகு இரண்டு ரூபாய், கையில் நிற்பது 68. அடக்கம் 73 ரூபாய் 14 காசு. நாலாயிரம் கொத்துக்கும் தலா 5 ரூபாய் 14 காசு வீதம் 20,560 ரூபாயை இந்த ஆண்டே நஷ்டம் எழுத வேண்டும். மதிப்பு விகிதத்தில் பங்கிட்டிருந்தால் அடக்கம் 63 என்று காட்டும், இந்த நஷ்டம் யாருக்கும் தெரியாமல் கத்தரிக்கோலின் முதுகில் உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் பூவை விட்டுவிடுவதா? அதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்கலாம். கொத்துக்கு இடத்துக்காக மட்டும் ஆகும் செலவு 19 ரூபாய் 50 காசு. பெட்டியில் இதழ்களை நெருக்கி அழுத்தி, அதே இருபது கன மீட்டரில் பன்னிரண்டாயிரம் கொத்து அடைக்கச் சொன்னால் அது 13 ரூபாய் ஆகும். அடக்கம் அறுபத்தாறுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அழுத்திய பூ நசுங்கி வரும், ஆவியில் காட்டி இதழை நிமிர்த்த ஆள் வேண்டும். அந்தக் கூலி சரக்கை விற்கும் நிலைக்குக் கொண்டுவரும் செலவு. அதுவும் அடக்கத்தில் சேரும். கொத்துக்கு ஒரு ரூபாய்க்குள் அது முடிகிறது என்றால் தரகு போகவும் பூ கொஞ்சம் லாபம் தரும். இரண்டு ரூபாயைத் தாண்டினால் அந்தப் பெட்டகத்தில் கத்தரிக்கோலுக்கு இடம் கொடுப்பதே மேல்.